ஒரு கட்டம் தள்ளி வைத்தால்

காலை பத்து மணிக்கே வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. ஹாஸ்டல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் கமலவேணி. கூண்டு வண்டி, கொழுந்தன் வீரபாகு ஓட்டி வந்தது. சும்மாவா வந்திருப்பான்? மாமியார்க்காரி பழனியம்மாள் ஒரு பேச்சுச் சொன்னால் சொன்னதுதான். "ரெண்டு வருசம் படி, பரீட்சையில தேறு, வாத்தியாரம்மா வேலைக்குப் போ. ஒரு தடவை தவறினாலும் அன்னிக்கே வண்டி வரும், ஏறிக்கோணும்" என்று போன வருஷத்துக்கு முந்தின வைகாசியில் சொன்னாள். பரீட்சை முடிவு சாயங்காலம்தான். வண்டியோ காலையிலேயே வந்தாயிற்று. மருமகள் தேறுவாள் என்று அந்த அம்மாளுக்கு அவ்வளவு நம்பிக்கை!

அவளுக்குப் பதினேழு வயதில் புருஷன் காலராவில் போனான். அதற்கப்புறம் ஆறு வருஷம் ராசிபுரத்து வீட்டின் நூல் அறையில் இராட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் கமலவேணி. நல்ல நாள் விசேஷம் என்றால், யார் கண்ணிலும் படக்கூடாதென்று அந்த அறைக் கதவை வெளியே தாழ் போட்டுவிடுவார்கள். தாழ் விழுகிற சத்தம் இருக்கிறதே, அது இன்றைக்கும் அவள் காதை விட்டுப் போகவில்லை. சேலத்தில், ஆசிரியைப் பயிற்சி தரும் பெண்கள் போதனா பள்ளியில் சேர்ந்த பிறகும் ஹாஸ்டலில் யாராவது கதவைச் சாத்தினால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள்.

நாலு நாளாக நடக்கும் பரீட்சையில் கமலவேணியின் முறை கடைசி நாளான இன்றைக்கு. ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு நாற்பது நிமிஷம் கணக்குப் பாடம் நடத்த வேண்டும். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் குறிப்பெடுக்கப் போவது இன்ஸ்பெக்ட்ரஸ் ஜானகியம்மாள். அந்தப் பென்சிலுக்குப் பயந்து போன வருஷம் ஒருத்தி பாதிப் பாடத்தில் மயங்கி விழுந்தாளாம். விதிகளும் லேசுப்பட்டவை இல்லை. பரீட்சை தொடங்குமுன்பே நோட்டில் பாடக்குறிப்பு எழுதிக் காட்டி, அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் குறிப்பை விட்டு விலகக் கூடாது. கரும்பலகையில் தப்பாக எழுதினால் அதோடு சரி. தேறியவர்களின் நோட்டுகள் மேலாபீசுக்குப் போகும். தவறியவர்களின் நோட்டு, சாயங்காலம் ஆத்தாயி என்ற ஆயாவின் கூடையில் அவரவர் கைக்குத் திரும்பி வரும். முடிவு சொல்வதற்கு வேறு அறிவிப்பே கிடையாது.

பாடத் தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள். கமலவேணியின் சீட்டில், "சதுரங்கப் பலகை. அதில் உள்ள எல்லாச் சதுரங்களும் எத்தனை?" என்றிருந்தது. சதுரங்கத்தை அவள் ஆடிப் பார்த்ததில்லை. எட்டுக்கு எட்டு, அறுபத்துநாலு கட்டம் என்பது தெரியும். ஆனால் சீட்டில் 'எல்லா' என்று போட்டிருக்கிறதே! சின்னக் கட்டம் நாலு சேர்ந்தால் அதுவும் ஒரு பெரிய சதுரம்தானே? நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டம் என்றால் துணிதான் நினைவுக்கு வரும். எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்ட துண்டு ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தாள். நீளத்திலும் அகலத்திலும் ஒரு மடிப்பு. நாலு பெரிய சதுரம். இன்னொரு மடிப்பு, பதினாறு. இன்னும் ஒன்று, அறுபத்துநாலு. மடிக்காத முழுத் துண்டு ஒன்று. ஆக எண்பத்தைந்து! துள்ளிக் குதிக்காத குறை. அப்படியே குறிப்பு எழுதி, இரண்டு கட்டம், நாலு கட்டம் அகலத்துக்கு அட்டையில் சட்டங்களும் வெட்டினாள். ஜானகியம்மாள் மற்ற இருபத்தொரு நோட்டுகளோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினொரு மணிக்கு வகுப்பு. கரும்பலகையில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டாள். கோடு ஒன்று கோணிப் போயிற்று. அழித்துத் திரும்பப் போட்டாள். பின்னால் பென்சில் கிறுக்குகிற சத்தம் கேட்டது.

"சின்னச் சதுரம் எத்தனை?"

"அறுபத்துநாலுங்க டீச்சர்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

எழுதினாள். அப்புறம் இரண்டு கட்டச் சட்டத்தை மூலையில் வைத்து, மேலே இரண்டு கீழே இரண்டாக நாலு கட்டம் அதற்குள் அடங்குவதைக் காட்டினாள். எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், அதற்கும் பக்கத்தில் வைத்தாள். ஒரு வரிசைக்கு நாலு, நாலு வரிசைக்குப் பதினாறு. 64-க்குக் கீழே 16 என்று எழுதினாள். எல்லாம் குறிப்பில் உள்ளபடி நடந்தது. அம்மாடி, பிழைத்தோம் என்று மூச்சு விட்டாள்.

"யாராவது வந்து வெச்சுக் காட்டுங்க பார்க்கலாம்."

முன்வரிசையில் ஆராயி என்றொரு பெண், எண்ணெய் வழிகிற தலையோடு ஓடி வந்தாள். சட்டத்தை வாங்கி மூலையில் வைத்தாள். அதை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாமோ? அப்படியே ஒரே ஒரு கட்டம் தள்ளினாள்.

"டீச்சர், இங்கயும் சரியா உக்காருதுங்க. இதும் சதுரந்தானுங்களே?"

கமலவேணி பார்த்தாள். சட்டத்துக்குள் நாலு கட்டம், ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதில் பாதி முதல் சதுரத்தைச் சேர்ந்தது. மடிப்பில் இது வரவே வராது. துணியை மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஆனால் எண்ணச் சொன்னது மடிப்புகளையா? சதுரங்களை அல்லவா!

பதினாறு தப்பு. கரும்பலகையில் எழுதியாயிற்று. மூன்று கட்டச் சதுரம் என்று ஒன்று இருப்பதே மடிப்பில் தட்டுப்படவில்லை, ஐந்தும் ஆறும் ஏழும் அப்படித்தான். எண்பத்தைந்தும் தப்பு, குறிப்பு முழுக்கத் தப்பு, அதன் கீழே இன்ஸ்பெக்ட்ரஸ் கையெழுத்து! "போய் உக்காரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாடம் குறிப்பின்படி நடந்து முடிந்துவிடும். சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டி மாட்டின் கழுத்து மணி கிணுங்கியது. ஆராயி சட்டத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சதுரந்தான் சாமி" என்றாள் கமலவேணி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. அடுத்ததை உரக்கச் சொன்னாள்: "நான் எழுதினது தப்பு. இவ சொல்றதுதான் சரி."

பதினாறை அழித்தாள். பின்னால் பென்சில் சத்தம் நின்று போயிற்று. அது கிறுக்கினபோது இருந்ததைவிட இப்போதுதான் பயம் அதிகமானது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"தள்ளிட்டே போ. எத்தனை எடத்துல நிக்குதுன்னு எல்லாரும் எண்ணுங்க."

ஒரு கட்டம், இன்னொரு கட்டம். ஏழாவது இடத்தில் சட்டம் பலகையின் ஓரத்தை முட்டியது. மேலிருந்து கீழே தள்ளினாலும் ஏழுதான். ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு, நாற்பத்தொன்பது. மூன்று கட்டத்துக்குச் சட்டம் இல்லை. சுண்ணக்கட்டியாலேயே கோடு போட்டுக் காட்டினாள். அது ஆறு இடத்தில்தான் நின்றது, கீழ்நோக்கியும் ஆறு, முப்பத்தாறு. அதற்குள் பிள்ளைகளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. சதுரம் ஒரு கட்டம் பெருத்தால், நகர ஓர் இடம் குறைகிறது! "நாலு கட்டம் அஞ்சு எடத்துலங்க! அஞ்சு கட்டம் நாலு எடத்துலங்க!" என்று வகுப்பே சந்தைக்கடை ஆனது. இருபத்தைந்து, பதினாறு, ஒன்பது, நாலு, கடைசியில் முழுப் பலகை ஒன்று.

பலகையிலேயே ஒவ்வொன்றாகக் கூட்டினாள். அறுபத்துநாலும் நாற்பத்தொன்பதும் நூற்றுப்பதின்மூன்று. முப்பத்தாறு சேர்த்தால் நூற்று நாற்பத்தொன்பது. அப்புறம் நூற்று எழுபத்துநாலு, நூற்றுத் தொண்ணூறு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இருநூற்று மூன்று, இருநூற்று நாலு. எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பிள்ளைகள் போனதும் ஜானகியம்மாள் எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க குறிப்புல விடை என்ன?"

"எண்பத்தஞ்சுங்கம்மா."

"அதுக்குக் கீழே யார் கையெழுத்து?"

"உங்களுதுங்கம்மா."

அந்த அம்மாள் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டை மூடினார். "போங்க" என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்து நின்றவளை, கூடப் படிக்கிற நாமக்கல் செல்லாயி பிடித்து உலுக்கினாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! ஏம் புள்ள, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? உன்னைப் பாஸ் போட்டா நோட்டு மேலாபீசுக்குப் போகும். அந்தம்மா தப்புக்குக் கையெழுத்துப் போட்டது அங்கிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுரும். பெயில் போட்டா நோட்டு உங்கிட்டயே வந்துரும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்தம்மா எதைப் பண்ணுவாங்க, நீயே சொல்லு."

இது கமலவேணிக்குத் தோன்றவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வீரபாகு உள்ளே வந்து, அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். "அம்மா வெச்சுரச் சொல்லிச்சுங்க அண்ணி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

நாலு மணிக்கு ஆத்தாயி கூடையோடு வந்தாள். இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். ஒரு பெயர் கூப்பிட்டாள். ஒருத்தி அழுதுகொண்டே போய் நோட்டை வாங்கினாள். இன்னொரு பெயர். அப்புறம் இன்னொன்று. கமலவேணியின் காதில் பெயர்கள் விழவில்லை, ராசிபுரத்துத் தாழ்ப்பாள்தான் விழுந்துகொண்டிருந்தது. கூடையில் இன்னும் ஒரு நோட்டு இருக்கிறதா, இரண்டா?

"கமலவேணி!"

செல்லாயி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். கமலவேணி நடந்து போய்க் கையை நீட்டினாள். ஆத்தாயி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். அதில் ஒன்றுமில்லை.

"நோட்டு இல்லீங்க. உங்களை அம்மா உள்ள வரச் சொன்னாங்க."

உள்ளே மேஜைமேல் நோட்டு விரித்தபடி கிடந்தது. எண்பத்தைந்தின் மேல் சிவப்புக் கோடு. அந்தக் கோடு அதோடு நிற்காமல் கீழே இறங்கி, ஜானகியம்மாளின் கையெழுத்தையும் அடித்திருந்தது. பக்கத்தில், "204. எண்ணிப் பாராமல் கையெழுத்திட்டது என் தவறு. வகுப்பிலேயே திருத்தினார். தேறினார்" என்று எழுதி, புதிதாக ஒரு கையெழுத்து.

கமலவேணி அதை இரண்டு தடவை படித்தாள். ஜானகியம்மாள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டின்மேல் ஒரு விரலை வைத்தார்.

"ஒரு மணியிலிருந்து இதைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "பயமா இருந்துச்சும்மா. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க முன்னால நீங்க சொன்னதை, ஒரு தாள்ல எழுத எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு. போயிட்டு வாங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசல் வரைக்கும் நடந்தாள். வீரபாகு மாட்டைப் பூட்டி, ஏறுவதற்கு வண்டிப் படியைத் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"பெட்டியை எறக்கி வை தம்பி" என்றாள் கமலவேணி.