மூடிவரை அளந்த தொட்டி

குனிந்து அளந்ததில் பிளம்பர் முத்திருளனுக்கு இடுப்பு கழன்றது. ஒத்தக்கடையில் ரோகிணி திறக்கவிருந்த ஓட்டலில், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி அது.

“பேசுனபடி ஆயிரத்தி ஐநூறு லிட்டர்ணே,” என்றான் கான்ட்ராக்டர் ராகேஷ்.

“மூடிவரைக்கும் அளந்தா அம்புட்டுத்தான். தண்ணி வெளிக்குழாய் மட்டத்துலதான நிக்கும் மாப்ள? சமையக்கட்டுக்குப் பக்கத்துல வைக்காம கடைசி மூலையில வச்சீக. அம்புட்டு தூரம் குழாய் சரிஞ்சு வந்ததுல வெளிக்குழாயும் தாழ்ந்துபோச்சு.”

“சும்மா சந்தேகப்படாதீங்க.”

ரோகிணி மோட்டாரைப் போட்டாள். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில், மூடிக்கு நாற்பது சென்டிமீட்டர் கீழேயே தண்ணீர் வெளிக்குழாயில் வழிந்தோடியது.

“கூட்ட நேரத்துல எண்ணெய் ஆறி மிதக்குமுன்ன வெளியே போயிரும். சாக்கடை அடைச்சா அதிகாரிக எங் கடைக்குத்தான சீல் வைப்பாக?” என்றாள்.

ராகேஷ் செல்போனைப் பார்த்தபடி, “நாளைக்கு வாரேன்க்கா,” என்று கிளம்பினான். அவன் அவளுக்குத் தரவேண்டியது இன்னும் அறுநூறு லிட்டர் தொட்டி.