படி 6.3க்கும் 6.4க்கும் நடுவில்

தர்சினி அந்தப் பதினான்கு பக்கங்களை எழுதி முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. சிட்னியின் லிட்கம்மில், ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் தொழிற்பேட்டையில், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் அவள் ஐந்து வருடமாக வேலை செய்துவந்தாள். அங்கே மேசை மைக்ரோமீட்டரைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. கனமான இரும்புப் பீடத்தில் பொருத்திய கருவி அது. இரண்டு எஃகு முகங்களுக்கு நடுவில் வைக்கும் பொருளின் நீளத்தை மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு வரை சொல்லும்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

புதிதாக ஆட்களை எடுக்கத் தொடங்கியதும், மேலாளர் லின் அவளிடம், "நீ செய்வதை எழுதிக் கொடு" என்று கேட்டிருந்தாள். எழுதிய முறை தேறியதா என்று பார்க்க லின் ஒரு விதி வைத்திருந்தாள். அந்த வேலையை ஒருநாளும் செய்திராத ஒருவர், யாரிடமும் கேட்காமல், தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். தர்சினி எடுத்த அளவுகளோடு அவருடைய அளவுகள் அரை மைக்ரானுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

தர்சினிக்கு அந்தத் தாள்கள் வெறும் வேலை அல்ல. பதினாலு வயதில் இலங்கையிலிருந்து அம்மாவோடு படகில் வந்து இறங்கியவள். விசா இன்னும் தற்காலிகம்தான், புதுப்பித்துப் புதுப்பித்து ஓடுகிறது. முதல் பக்கத்தின் கீழே 'தயாரித்தவர்' என்று தன் பெயர் இருப்பதைப் பெண்டில் ஹில் வீட்டில் அம்மாவுக்குக் காட்டினாள். அவர் அந்த ஆங்கில எழுத்துகளை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

சோதனைக்கு வந்தவர் நாகராஜன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். மனைவிக்குச் சிட்னி மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கூட வந்து, ஹரிஸ் பார்க்கில் குடியிருந்தார். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்பதால், தாளில் இருப்பதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டேன், குறையவும் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அறைக்குள் போனார். வெப்பநிலை எப்போதும் இருபது டிகிரியில் நிற்கும் அறை அது. தர்சினி வெளியே கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தாள். பேசக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது.

படி நான்கில் அவர் வெகுநேரம் நின்றுவிட்டார். மைக்ரோமீட்டரின் எஃகு முகம் உண்மையிலேயே தட்டையா என்று பார்க்கும் படி அது. மிகத் தட்டையாகத் தீட்டிய கண்ணாடி வில்லை ஒன்றை அந்த முகத்தின் மேல் வைத்து, ஒற்றை நிற விளக்கில் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய காற்று இடைவெளி, ஒளியைக் கறுப்பும் மஞ்சளுமான கோடுகளாகப் பிரித்துக் காட்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குதான் மாறுகிறது. கோடுகள் நேராக இருந்தால் முகம் தட்டை. நாகராஜன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். தன் வாழ்நாளில் பாதியை எஃகைத் தட்டையாக்குவதில் கழித்தவர், தட்டை என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தார். வெளியே வந்த பிறகும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அளவுகள் மாலையில் வந்தன. கேஜ் பிளாக் எனப்படும், நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டைகளை ஒவ்வொன்றாக நடுவில் வைத்துப் படித்தவை. இரண்டரை மில்லிமீட்டர் கட்டையில் இருவருடைய எண்ணும் ஒன்று. பத்து மில்லிமீட்டரைத் தாண்டியதும் நாகராஜனின் எண் கொஞ்சம் கூடியிருந்தது. இருபத்தைந்து மில்லிமீட்டர் கட்டையில் 0.7 மைக்ரான் கூட. ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு. ஆனாலும் விதிப்படி தோல்வி.

செவ்வாய்க்கிழமை திரும்பச் செய்தார். 0.8 வந்தது.

அன்று மாலை நாகராஜன் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தன் கை கனத்துவிட்டதோ, வயதாகிவிட்டதோ என்று தர்சினியிடம் கேட்டார். உள்ளுக்குள், எங்கேயோ இவர்தான் அழுத்தித் திருகுகிறார் என்று அவளும் நினைத்தாள். ஆனால் அதற்கு இடமில்லை. ஒரு பக்க முகத்தின் பின்னால் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்று இருக்கிறது. அது குறித்த கோட்டுக்கு வரும் வரைதான் மற்ற முகத்தை நகர்த்தும் உருளையைத் திருப்ப வேண்டும். முள் கோட்டில் நின்றால் யார் திருப்பினாலும் அழுத்தம் ஒன்றுதான். அதோடு, அழுத்தத்தால் வந்த பிழை என்றால் எல்லாக் கட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். இது கட்டையின் நீளத்தோடு சேர்ந்து வளர்கிறது. அதை நினைத்தபடியே அவள் ரயில் ஏறினாள்.

புதன் காலை லின் யோசனை ஒன்று சொன்னாள். இந்த முறை தர்சினி செய்யட்டும், நாகராஜன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். தாளில் உள்ளதை அவள் செய்யும்போது பென்சிலால் டிக் போட வேண்டும். தாளில் இல்லாததை அவள் செய்தால் நிறுத்த வேண்டும்.

தர்சினி நம்பிக்கையோடுதான் தொடங்கினாள். அவள் எழுதியது, அவளுக்குத் தெரியாதா? படி ஒன்று முதல் ஐந்து வரை டிக் விழுந்துகொண்டே போனது. படி 6.3: கையுறை அணிந்து கட்டையை எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடைக்கவும். துடைத்தாள். படி 6.4: கட்டையை முகங்களுக்கு நடுவில் வைக்கவும்.

அவள் வைக்கவில்லை. கட்டையை மைக்ரோமீட்டரின் இரும்புப் பீடத்தின் மேல் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் போய் வெப்பமானியைப் பார்த்தாள். படிவத்தில் கட்டையின் எண்ணை எழுதினாள். எழுதியதை எழுத்தெழுத்தாக இரண்டு முறை வாசித்தாள். நேரத்தைப் போட்டாள். திரும்பி வந்து கட்டைக்குக் கை நீட்டினாள்.

"நிறுத்துங்க தர்சினி," என்றார் நாகராஜன். "இது இதுல இல்லையே."

"எது?"

"கட்டைய இங்க வச்சது. ஆறு நிமிஷம் அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் துடைச்ச கையோட உள்ள வச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. தான் அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலப் படிவத்தில் ஒரு வரி எழுதவும் அவளுக்குப் பயம். பிழை வந்துவிடுமோ என்று ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பார்ப்பாள். அந்த நேரத்துக்குக் கட்டையை எங்காவது வைக்க வேண்டுமே, பீடத்தில் வைப்பாள். பயம் போய்ச் சில வருடமாகியும் கை மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"அண்ணா, உங்கட கைச்சூடு," என்றாள் மெதுவாக.

அறை இருபது டிகிரி. கருவிகள் எல்லாம் முந்திய நாளிலிருந்தே அங்கே கிடந்து குளிர்ந்தவை. அதை அவள் கவனமாக எழுதியிருந்தாள். ஆனால் மனிதக் கை முப்பது டிகிரிக்கு மேல். மெல்லிய கையுறையைத் தாண்டி ஒரு நிமிடத்தில் அந்தச் சூடு எஃகுக்குள் போய்விடும். சூடான எஃகு நீளும். நீளமான கட்டை கூடுதலாக நீளும். இரண்டரை டிகிரி ஏறினாலே இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு 0.7 மைக்ரான். அவள் படிவத்தின் ஓரத்திலேயே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய கட்டை மட்டும் பீடத்தில் கிடந்து ஆறியிருந்தது.

கணக்கு போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் நாகராஜன். பெரிய கட்டையை எடுத்தார். திங்கட்கிழமை துடைத்தது போலவே நிதானமாகத் துடைத்து, உடனே நடுவில் வைத்து, முள் கோட்டுக்கு வரும் வரை திருப்பினார். 25.0008. இருவரும் கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

முள் கோட்டில் நின்றது. பிறகு, யாரும் தொடாமலே, கோட்டை விட்டு விலகத் தொடங்கியது.

அது நகர்வது தெரியவில்லை. நகர்ந்திருந்தது மட்டும்தான் தெரிந்தது. வானத்தில் நிலா இடம் மாறியிருப்பது போல. கட்டை சுருங்கச் சுருங்க முகங்களின் பிடி தளர்ந்தது. நாகராஜன் விரல் நுனியால் உருளையைத் திருப்பி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். 25.0006. மறுபடி விலகியது. 25.0004. இருவரும் தங்கள் மூச்சு அந்தப் பக்கம் படாதபடி முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய உடம்பிலிருந்து போன சூடு எஃகிலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து அறைக்கும் போய்க்கொண்டிருந்தது. அது போகும் வழியை அவர்கள் எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 25.0002. கடைசியில் 25.0001. முள் நின்றது. பத்து நிமிடம் பார்த்தார்கள், அசையவே இல்லை. தர்சினியின் எண் அதுதான்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் நாகராஜன். "இரும்புன்னா அசையாத பொருள்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அவர் தன் வலது கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தர்சினியும் பார்த்தாள். காய்ப்பேறிய, சாதாரண உள்ளங்கைதான். அதற்குள் இத்தனை இருக்கிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

தர்சினி லின்னிடம் போய், தவறு தாளில், நாகராஜனிடம் இல்லை என்று சொன்னாள். சொல்லும்போது அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், அப்படி இருக்கவில்லை. 6.3க்கும் 6.4க்கும் நடுவில் புதிதாக இரண்டு வரி சேர்த்தாள். துடைத்த கட்டையைப் பீடத்தின் மேல் வைத்துக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்கவும். பிறகு இடுக்கியால் எடுக்கவும், கையால் தொட வேண்டாம். காரணத்தையும் எழுத வேண்டும் என்று நாகராஜன் பிடிவாதமாக இருந்தார். காரணம் தெரியாதவன் அவசரம் வந்தால் காத்திருக்க மாட்டான் என்றார். லின் ஒரு குறிப்புக்கு அனுமதி கொடுத்தாள்.

வியாழக்கிழமை அவர் மூன்றாம் முறை செய்தார். எல்லாக் கட்டைகளிலும் வேறுபாடு 0.1க்குள் அடங்கியது. முதல் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் லின்னுக்கு ஞாபகம் வந்தது. பழைய வரைவின் பிரதி ஒன்று போன வாரமே மெல்பேர்ண் கிளைக்குப் போயிருந்தது. தர்சினி உடனே அழைத்தாள். எடுத்தவள் வினுஷா, அங்கே புதிதாகச் சேர்ந்தவள், யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு மெல்பேர்ணில் பிறந்தவள். அவள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டிருந்தாள். பெரிய கட்டைகளில் அளவு கூட வருகிறது என்று அங்கிருந்த மைக்ரோமீட்டரில் 'பயன்படுத்த வேண்டாம்' என்று சிவப்பு அட்டை கட்டி, பழுதுபார்க்க அனுப்பத் தயாராக வைத்திருந்தாள்.

"கருவியில பிழை இல்லை, வினுஷா. நான் எழுதினதிலதான் பிழை," என்றாள் தர்சினி. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். கட்டையைத் துடை, உள்ளே வை, முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவா, பிறகு கையை எடுத்துவிட்டுப் பார்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். நாகராஜன் பக்கத்தில் வந்து நின்றார். அந்தப் பக்கம் துணி உரசும் சத்தம், உருளை திரும்பும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று.

"அக்கா," என்றது குரல், மிகத் தாழ்வாக. "Nobody's touching it."

"ஓம். தெரியும்," என்றாள் தர்சினி.

ஃபோனை வைக்கிறேன் என்று வினுஷா சொல்லவில்லை. இவர்களும் வைக்கவில்லை. முள் நிற்கும் வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.