வண்டிச் செலவு சேர்க்காத டிக்கெட்

அந்தக் கம்பெனியில் வெளியூர் ஆட்கள் வந்து போக டிக்கெட் போடுவது அவள்தான். பதினாறு வருஷ வேலை. "டிக்கெட்டக்கா" என்றால்தான் வாசல் காவலாளிக்கே ஆள் புரியும்.

அந்த நகரத்துக்கு மூன்று விமான நிலையங்கள். ஒன்று ஊருக்குள்ளேயே, ஒன்று ரயில் போகிற தூரத்தில், மூன்றாவது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. அந்த மூன்றாவதில்தான் டிக்கெட் எப்போதும் மலிவு. புதிதாக வரும் விற்பனைப் பிரதிநிதிகள் அதைப் பார்த்து மயங்கி அவளிடம் ஓடிவருவார்கள்.

"அக்கா, ஆயிரத்து முந்நூறு மிச்சம்."

"வீட்டு வாசல்ல கொண்டுவந்து விடுவானா விமானத்தை? பஸ்ஸைச் சேரு, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து டாக்ஸியைச் சேரு. அப்புறம் மிச்சத்தைக் காட்டு."

காட்ட முடியாமல் திரும்பிப் போவார்கள்.

அப்படிப்பட்டவள், நாத்தனாருக்கும் அவர் கணவருக்கும் டிக்கெட் போட்டபோது அந்த மூன்றாவதைத்தான் போட்டாள். அவர்களை அவள் கூப்பிடுவது அண்ணி, அண்ணன் என்று. அண்ணனுக்கு முதுகுவலி, பெரிய டாக்டரைப் பார்க்க வருகிறார்கள். "டிக்கெட் நம்ம செலவு, அக்காகிட்ட வாங்கக் கூடாது" என்று புருஷன் சொல்லிவிட்டார். ஊருக்குள் இருக்கும் நிலையத்துக்கு ஆளுக்கு ஏழாயிரத்து இருநூறு, தூரத்து நிலையத்துக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு பேருக்கு இரண்டாயிரத்து அறுநூறு குறைவு. பஸ் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு, அதன்பின் டாக்ஸி எழுநூறு என்று அவளுக்கு மனப்பாடம். கூட்டினால் மூவாயிரத்து நூறு. ஊருக்குள்ளேயே இறங்கினால் டாக்ஸிக்கு நானூறில் வீடு. மொத்தத்தில் ஒரு காசும் மிச்சமில்லை, மூன்று மணி நேரம் அலைச்சல்தான் கூடுதல். ஆனால் டிக்கெட் அவள் கையிலிருந்து போகும், வண்டிச் செலவு அவர்கள் கையிலிருந்து போகும். அதை அவள் வார்த்தையாக நினைத்துப் பார்க்கவில்லை. பட்டனை மட்டும் அழுத்தினாள்.

விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். அதற்கென்று காத்திருந்த பஸ் கிளம்பிவிட்டது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. அண்ணனால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. டாக்ஸி பிடித்து மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டிரைவருக்கு ஆறாயிரத்து ஐந்நூறு எண்ணிக் கொடுத்துவிட்டு அண்ணி படியேறி வந்தாள். அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி சோபாவில் சாய்ந்தார். நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

"தண்ணி குடும்மா முதல்ல" என்றாள் அண்ணி. "நீ ஒண்ணும் நினைக்காதே. இவ்வளவு பெரிய ஊர்ல தூரம் இருக்கத்தானே செய்யும்."

புருஷன் கேட்டார்: "ஏன் அக்கா, அந்த ஏர்போர்ட்ல இறங்கினீங்க?"

"நாங்க எங்கடா தேர்ந்தெடுத்தோம்? உன் வீட்டுக்காரி போட்டா சரியா இருக்கும்னு பேசாம ஏறிட்டோம்."

புருஷன் அவள் பக்கம் திரும்பினார். அவள் சமையலறைக்குள் போய், ஏற்கனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

இரண்டாம் நாள் டாக்டரைப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை திரும்பலாம் என்றார். சாயங்காலம் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்த டிக்கெட்..."

"சொல்லு."

"கிட்டத்து ஏர்போர்ட்ல போட்டிருக்கலாம். எனக்குத் தெரியும். பஸ், டாக்ஸி எல்லாம் தெரியும். டிக்கெட் எங்க செலவுங்கறதால அதைச் சேர்க்காம விட்டுட்டேன்."

கத்தி நிற்கவில்லை.

"பஸ் கவுன்டர்லயே தெரிஞ்சுதும்மா. பக்கத்துல நின்ன ஒருத்தர் கேட்டார், ரெண்டு பேர்னா எதுக்கு இங்க வந்தீங்க, கூட்டிப் பார்க்கலையான்னு. கூட்டிப் பார்க்கற ஆள்தான் போட்டாங்கன்னு சொன்னேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அவருக்கு முதுகுவலியே போதும். தம்பிகிட்டயும் சொல்லல. டிக்கெட்டு இனாமா வந்தது, அதுல குத்தம் பார்த்தா நல்லாவா இருக்கும்?"

"அந்த டாக்ஸிக் காசை நான்..."

"வேணாம். எடுத்துக் குடுத்தா அப்புறம் தம்பி எதுக்குன்னு கேட்பான். நீதான் பதில் சொல்லணும்."

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு இங்கேயே, பக்கத்து ஏர்போர்ட்லேர்ந்து போடறேன், அண்ணி" என்றாள்.

"போடு."

நறுக்கிய காயை அண்ணி பாத்திரத்தில் தள்ளினாள். கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள்:

"தப்பா எடுத்துக்காதே. போடறதுக்கு முன்னாடி மூணு ஏர்போர்ட்டுக்கும் வண்டிச் செலவோட எழுதிக் காட்டிடறியா? ஒரு தடவை நானும் பார்த்துடறேன்."

பதினாறு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேனாவையும் காகிதத்தையும் எடுத்து வந்து, அண்ணி பார்த்துக்கொண்டிருக்க, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.