தேரடிக்குக் கீழே நாலு கேபிள்

1940-ஆம் ஆண்டு சித்திரை மாதம். புதுக்கோட்டை மின்சார ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்த ஞானமணிக்கு முப்பத்திரண்டு வயது. ஆவூர்க்காரர். வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் மேலதிகாரி முன்னால் வாய் திறந்து மறுத்துப் பேசியதில்லை. அந்த வருஷம் பேச வேண்டி வந்தது.

நகரின் கிழக்குப் பாதிக்குக் கரண்ட் போவது தேரோடும் வீதியைக் குறுக்கே கடந்த கம்பிகள் வழியாகத்தான். தேர் அதைவிட உயரம். அதனால் ஆண்டுதோறும் தேர் நாளில் கம்பிகளை அவிழ்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்தபின் மறுபடி கட்டுவார்கள். அன்று முழுக்கக் கிழக்கே கரண்ட் கிடையாது. இதுவரை யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இந்த வருஷம் கிழக்கே குடிதண்ணீர் பம்ப் வைத்திருந்தார்கள். திருவிழாக் கூட்டத்துக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. எனவே வீதிக்கு அடியில் சுட்ட மண் குழாய்கள் பதித்து, அவற்றுக்குள் நாலு கேபிள்களை இழுத்துவிடுவது என்று இன்ஜினியர் ஆத்மநாதன் திட்டம் போட்டார். ஆனித் தேருக்குள் முடிய வேண்டும்.

ஆத்மநாதன் கண்டிப்பானவர், வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் வெயிலில் நிற்பார். கேபிள் சீமையிலிருந்து யுத்தத்துக்கு முன்பே வந்துவிட்டது. இனி ஒரு கஜம்கூட வராது. ஆகவே கையில் இருக்கிற கேபிளைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டும்.

பள்ளம் தோண்டும் கூட்டத்துக்குப் பொன்னுத்தாய் தலைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது ஆண்களும் பெண்களும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். வீதியின் வடகோடியில் செம்புராங்கல் சரளையை உடைத்து, மூன்றடி ஆழத்துக்கு அவர்கள் பள்ளம் போட்டார்கள். கடப்பாரை பட்ட இடமெல்லாம் பொறி பறந்தது.

அன்று மாலை ஞானமணி ஆபீஸில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்.

கேபிள் புத்தகத்து அட்டவணையில், ஒரு கேபிள் ஒரு குழாய்க்குள் தனியாகக் கிடந்தால் இத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருந்தது. நம் ஊர்த் தரைச்சூட்டுக்கான குறைப்பை ஆத்மநாதன் முன்பே கழித்து, 150 என்று எழுதியிருந்தார். பம்பும் விளக்குகளும் சேர்ந்து ஒவ்வொரு கேபிளுக்கும் 118 ஆம்பியர்தான் வேண்டும். பார்த்தால் தாராளமாகத் தெரிந்தது. ஆனால் அந்த 150 என்பது, மண்ணின் வெப்பத் தடை, அதாவது சூட்டை வெளியே விடாத குணம், 120 என்று வைத்துக்கொண்ட எண். கேபிளில் ஓடும் கரண்ட் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூட்டுக்கு மண்ணைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஈரமண் சூட்டை எளிதாக வாங்கிக்கொண்டு போய்விடும். காய்ந்த சரளை கம்பளி போர்த்தினாற்போல் தடுத்து நிற்கும். அது போதாதென்று, திட்டப்படி நாலு குழாய்களையும் இரண்டுக்கு இரண்டாக ஒட்டி அடுக்க வேண்டும். ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொள்ளும். அதற்கு இடைவெளித் திருத்தம் என்று வேறு ஓர் எண் உண்டு. ஒட்டி அடுக்கினால் 0.69. அதை மட்டும் பெருக்கினாலே 150 என்பது 103 ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவர் ஆத்மநாதனிடம் போய் நின்றார்.

"சார், அந்தச் சரளை மண்ணுக்கு 120 போதாதுன்னு தோணுது. ஒட்டி அடுக்கறதுக்கும் கழிக்கணும்."

"தோணுதுன்னா? மண்ணு என்ன ஒன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"அளந்து பாக்கலாம் சார்."

ஆத்மநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம்தான். ஆனாலும் அளக்க வேண்டாம் என்று ஓர் இன்ஜினியரால் எப்படிச் சொல்ல முடியும்?

"ஒரு வாரம் தாரேன். அதுக்குமேல பள்ளம் தெறந்து கெடக்காது."

அளப்பதற்கு உருண்டையான ஒரு பாத்திரம் வேண்டும். அதற்குள் சூடேற்றும் கம்பிச்சுருளை வைத்து, மண்ணில் புதைத்து, பத்து வாட் கரண்டைச் சில நாள் விடாமல் கொடுக்க வேண்டும். பாத்திரத்தின் மேல்பக்கம் சுற்று மண்ணைவிட எத்தனை டிகிரி ஏறி நிலைக்கிறதோ, அதைக் கொண்டு மண்ணின் தடையைக் கணக்கிடலாம். ஞானமணி வீட்டில் அவர் மனைவி ஆரோக்கியமேரியின் கல்யாணச் சீர்ப் பித்தளைச் சொம்பு பந்துபோல உருண்டையாக இருந்தது.

"மண்ணுல பொதைக்கவா சீர் குடுத்தாங்க எங்கப்பாரு?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. கேட்டுக்கொண்டே அதைப் புளி போட்டுத் துலக்கியும் கொடுத்தாள்.

சொம்பின் வாயை மூடி, பள்ளத்தின் அடியில் புதைத்தார் ஞானமணி. நாலு நாளும் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்தார். பொன்னுத்தாயின் கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் பொன்னுத்தாய் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்கய்யா, சொம்புக்குக் காச்சலா?"

"ஆமாங்க. முப்பத்திரெண்டு டிகிரி ஏறிப்போச்சு. இந்த மண்ணு சூட்டை வெளிய விடமாட்டேங்குது."

அவர் அங்கேயே காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார். மண்ணின் தடை 200. அதற்கான திருத்த எண் 0.85. இடைவெளித் திருத்தத்தையும் சேர்த்தால் ஒரு கேபிள் தாங்குவது 88 ஆம்பியர். 118-ஐ ஏற்றினால் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதக் காப்பு கருகி, திருவிழா நடுவில் கேபிள் வெடித்துவிடும். குழாய்களை ஒன்றரை அடி தள்ளித் தள்ளி ஒரே வரிசையில் வைத்தால் 0.79 கிடைக்கும். அப்போதும் நூறுதான்.

அவர் முகம் தொங்கியதைப் பொன்னுத்தாய் கவனித்தாள். "இப்ப என்ன வேணும் அதுக்கு?"

"ஈரமான மண்ணு வேணும். கோடையிலயும் காயாத மண்ணு."

அவள் சிரித்துவிட்டாள். "அதை மொதல்லயே கேட்டிருந்தா இந்தக் கல்லை ஒடைச்சே இருக்க மாட்டோமே. தெக்க தேர் திரும்புற முக்குல, ஊருணிக்கரைக்கு அங்கிட்டு, களிமண்ணு. பஞ்சம் வந்த வருசம்கூட அங்கன மம்புட்டியில மண்ணு ஒட்டுச்சு. நான் தோண்டியிருக்கேன்."

"அது சுத்து வழியாச்சே. கேபிள் பத்தாது."

"கயிறு போட்டு அளந்து பாருங்க. கம்பி வீதி வழியாச் சுத்திப் போவுது. பூமிக்குள்ள போறதுக்கு என்ன வீதி? ஊருணிக்கரையோட குறுக்க போங்க."

இருவரும் தேங்காய்நார்க் கயிற்றோடு வெயிலில் நடந்தார்கள். பவர் ஹவுஸ் பக்கமிருந்து கரையோரமாகக் குறுக்கே பம்ப் வரை அளந்தபோது, பழைய வழியைவிடப் பன்னிரண்டு கஜம் குறைவாக வந்தது. ஞானமணி நம்பாமல் மறுபடி அளந்தார். மறுபடியும் பன்னிரண்டு கஜம்தான்.

ஆத்மநாதனிடம் சொன்னபோது அவர் கணக்குத் தாளை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊருணிக்கரையில் பொன்னுத்தாய் தோண்டிக் காட்டிய மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். அது உருண்டையாகப் பிடிபட்டது.

"இங்கயும் சொம்பைப் பொதை. நானே பாக்கறேன்" என்றார்.

அடுத்த நாலு நாளும் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சமஸ்தான இன்ஜினியர் குடை பிடித்துக் குந்தியிருந்து சொம்புக்குத் தெர்மாமீட்டர் பார்த்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்து, "இன்னிக்கி எப்படி இருக்கு சாமி?" என்று விசாரித்தார்கள். முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள், "தேவலை, அதிகம் ஏறலை" என்று பதில் சொன்னார்.

நாலாம் நாள் பதினாறு டிகிரியில் நின்றது. மண்ணின் தடை 100. அதுவும் கோடை உச்சத்தில்; மழைக்காலத்தில் இன்னும் குறையும். ஆத்மநாதன் தாளை முழங்காலில் வைத்துத் தாமே பெருக்கினார். மண்ணுக்கு 1.07. குழாய்களை ஒட்டி அடுக்கினால் 111; போதவில்லை. ஒன்றரை அடி இடைவெளி விட்டால் 127.

"ரெண்டும் வேணும்" என்றார். "நல்ல மண்ணும் வேணும், தள்ளியும் வைக்கணும். ஞானமணி, நான் போட்டது தப்பு. நீ வாயைத் தெறந்தது நல்லதாப் போச்சு."

ஞானமணி தாளை வாங்கி இடைவெளிகளைக் கூட்டினார். "ஆறடி அகலப் பள்ளம் சார்" என்றார்.

பொன்னுத்தாய் முந்தானையை இடுப்பில் செருகினாள். "கல்லை ஒடைச்சவங்களுக்குக் களிமண்ணு சோறு திங்கிற மாதிரி. பத்து நாள் குடுங்க."

எட்டு நாளில் முடித்தார்கள். எடுத்த களிமண்ணையே குழாய்களைச் சுற்றி இடைவெளி விடாமல் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டித்தார்கள். நடுவில் காற்று நின்றால் அதுவும் சூட்டைத் தடுக்கும் என்று ஞானமணி சொல்லியிருந்தார். குழாய்களுக்கு நடுவே ஒன்றரை அடி இருக்கிறதா என்று பார்க்க ஆளுக்கொரு மூங்கில் குச்சி வெட்டிக் கொடுத்திருந்தார். மூக்காயி என்பவள் அதைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. இரண்டு விரல்கடை குறைந்த இடத்தில் தன் அண்ணனையே திட்டிக் குழாயைத் தள்ளிவைக்கச் செய்தாள்.

கேபிள் இழுக்கும் நாளன்று ஆள் போதவில்லை. ஈயக் கவசம் போட்ட கேபிள், பாரம் அதிகம். தேர்வடம் பிடிப்பவர்களுக்குத் தலைவர் சேவுகன் அந்தப் பக்கம் வந்தவர் துண்டை உதறித் தலையில் கட்டினார்.

"தேருக்காகத்தானே இந்தப் பாடு? நாங்க இழுக்குறோம்."

"தேர் இழுக்கிற மாதிரி இழுத்தா ஈயம் கிழிஞ்சுரும்ங்க" என்றார் ஞானமணி.

"அப்ப எப்படி?"

"தொட்டில் ஆட்டுற மாதிரி."

முப்பது முரட்டு ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். பொன்னுத்தாய் மெல்லிய குரலில் தாலாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் கயிற்றை விட்டுவிட, சேவுகன் அவர் முதுகில் ஒன்று வைத்தார். பொழுது சாயுமுன் நாலு கேபிளும் மறுகரை சேர்ந்தன.

ஆனியில் பத்து நாள் திருவிழா. பம்ப் ஒரு நாழிகையும் நிற்கவில்லை, விளக்குகளும் நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் தேர் முக்குத் திரும்பிக் களிமண் தரைமேல் ஏறியபோது ஞானமணி மூச்சுவிடவில்லை. அத்தனை பாரமும் கேபிள்களுக்கு மேலே உருண்டு போனது. கீழ்வீதியில் பம்ப் மோட்டாரின் சத்தம் அப்படியே கேட்டது.

அன்றைக்கே ஆத்மநாதன், உச்சச் சூட்டைப் பிடித்துவைக்கும் தெர்மாமீட்டரைக் கோலில் கட்டி, கேபிளோரமாகக் குழாய்க்குள் விட்டு எடுத்தார். ஈயத்தின்மேல் 52 டிகிரி இருக்கும் என்று அவர்கள் கணித்திருந்தார்கள். தெர்மாமீட்டர் 51 காட்டியது. அவர் அதை வெயிலுக்குக் காட்டாமல் கோட்டுக்குள் மறைத்து, ஞானமணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சத்தமாகச் சிரித்து ஞானமணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரிப்போர்ட்ல மண்ணைப் பத்தித் தகவல் குடுத்தவர்னு ஒரு எடம் இருக்கு" என்றார் ஆத்மநாதன். "அந்தம்மா பேரு முழுசா என்ன?"

ஞானமணி பொன்னுத்தாயைத் தேடிப் போனார். புதுக் குழாயடியில் கூட்டத்துக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்தாள்.

"எழுதுங்க. கொளத்தூரு சின்னையா மக பொன்னுத்தாயி. ஊரை விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, குழாயை இன்னும் அகலத் திறந்து அவருக்கும் ஒரு சொம்பு பிடித்து நீட்டினாள்.