பிழியாத பக்கெட்

அனுப்பர்பாளையம் பக்கத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனிக்கு மயில்சாமிதான் மெக்கானிக். ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்களெல்லாம் தன் கைராசியில்தான் ஓடுகின்றன என்பது அவருடைய அபிப்பிராயம். மெஷின்களை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவருடைய மேஜைக்கு முன்னால் சின்னத்தாய் ஒருநாள் காலையில் மாப் பக்கெட்டை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஹாலைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை.

"அண்ணாச்சி, இந்தக் கைப்பிடி பாதியிலயே நின்னுருது. மாப்பு பிழியவே மாட்டேங்கு. கொஞ்சம் பாருங்களேன்."

மயில்சாமி பக்கெட்டைப் பார்த்தார். மஞ்சள் பிளாஸ்டிக். நாலு சக்கரம். மேலே மாப்பை வைத்து அழுத்த ஒரு பெட்டி, பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. பட்டத்து யானைக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

"இதுல கரண்ட் ஓடுதுங்களா?"

"இல்லியே."

"அப்பறம் இது எப்படீங்க மெஷின் ஆகும்? நானு மெஷினுக்கு மெக்கானிக்குங்க. சித்ராதேவி மேடத்தைப் போய்ப் பாருங்க."

நிர்வாகத்தைக் கவனிக்கும் சித்ராதேவி மேடம் எந்தப் பிரச்சினையையும் தீர்க்காமல் விட்டவரில்லை. பக்கெட் பிழியவில்லை என்றதும் நன்றாக யோசித்து, 'தரை ஈரமாக உள்ளது, கவனம்' என்று ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னார். பக்கெட் அப்படியே இருந்தது. பலகை மட்டும் பளபளவென்று இருந்தது.

சின்னத்தாய் கைப்பிடியை ஏறி மிதித்துப் பார்த்தாள். உள்ளே 'டக்' என்று ஏதோ தாண்டியது. அதற்கப்புறம் பாதி வரைக்கும்கூட இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் மாப்பைக் கையாலேயே முறுக்கிப் பிழிந்தாள். கையால் எவ்வளவுதான் பிழிய முடியும்? அவள் துடைத்துவிட்டுப் போன இடமெல்லாம் மழை பெய்து ஓய்ந்த வாசல் மாதிரி கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் சரக்கு வாங்குகிற பையர் தரப்பு ஆட்கள் வருகிறார்கள் என்று கம்பெனியே பதறிக்கொண்டிருந்தது. மயில்சாமி கையில் டீ டம்ளரோடு, ஊசியை உடைத்த டெய்லரைத் திட்டுவதற்காக விறுவிறுவென்று நடந்தார். பலகையைப் பார்த்தார், வாசித்தார், எழுத்து அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தார். அடுத்த அடியில் அதற்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தார். டீ கட்டிங் டேபிள் வரைக்கும் போயிருந்தது. ஹாலில் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. பவர்கட்டில்கூட அவ்வளவு ஒற்றுமையாக நின்றதில்லை.

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டி பத்திரமாகப் பூட்டியிருந்தது. சாவி வருவதற்குள் ஒரு டெய்லர் பனியன் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டார்.

"இப்படியாங்க தொடைப்பாங்க?" என்று சித்ராதேவி கொதித்தார். "நாளையிலிருந்து அந்தம்மா வேண்டாம். என்ன சொல்றீங்க மெக்கானிக்?"

வலியிலும் அவமானத்திலும் மயில்சாமி, "ஆமாங்க, அதான் சரி" என்றார்.

"பையர் வர்றதுக்குள்ள தரை காயோணும். அந்தப் பக்கெட்டை நீங்களே பாத்துப்போடுங்க."

"என்ற கை..."

"சின்னத்தாய் பிடிக்கட்டும். நீங்க சொல்லுங்க போதும்."

இன்றோடு வேலை போகப்போகிறது என்று தெரியாத சின்னத்தாய், பின்கட்டுக் குழாயடியில் பக்கெட்டோடு உட்கார்ந்தாள். எதிரில் ஸ்டூலில் மயில்சாமி.

"தண்ணியக் கொட்டிப்போட்டு மேல் பெட்டியத் தனியா எடுங்க. ரெண்டு ஓரத்துலயும் ஸ்குரூ இருக்குது பாருங்க."

அவள் கழற்றினாள். கைப்பிடியோடு சேர்ந்த ஒரு தண்டு குறுக்கே ஓடியது. அதன் இரண்டு முனையிலும் சின்னப் பல்சக்கரம். கைப்பிடியை இறக்கினால் சக்கரங்கள் சுற்றி, இரண்டு பக்கமும் உள்ள பல்பட்டைகளைத் தள்ளும். பட்டைகள் நடுவில் இருக்கிற தட்டைத் தள்ளும். தட்டு மாப்பை நசுக்கும். ஒரு ஸ்பிரிங் கைப்பிடியைத் திரும்ப மேலே இழுக்கும். அவ்வளவுதான் சங்கதி.

இடது பக்கச் சக்கரம் கண்ணுக்கே தெரியவில்லை. பிசிறு நூலும் பஞ்சுத்தூசியும் மாப்பிலிருந்து அறுந்த இழையும் ஈரத்தில் ஊறி, கல்லாக இறுகிப்போயிருந்தன.

"நம்ம கம்பெனியில துணிக்குப் போற நூலைவிட இதுக்குள்ளதான் ஜாஸ்தி போயிருக்கும் போல" என்றாள்.

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஓவர்லாக்கில் நூல் கோக்கிற இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். அவள் இழை இழையாகப் பிடுங்கினாள். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷைத் தோய்த்து, பல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவித் துடைத்தாள்.

"இனி பூட்டிப்போடுங்க. ஓடும்" என்றார் மயில்சாமி, டாக்டர் மாதிரி.

பூட்டினாள். கைப்பிடி பாதியில் நின்றது.

"அதான் சுத்தம் பண்ணியாச்சுல்லங்க!" என்றார் மயில்சாமி, பக்கெட்டைப் பார்த்து.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தட்டு ஒருபக்கம் முன்னாலும் ஒருபக்கம் பின்னாலுமாகக் கோணி நின்றது.

"அன்னைக்கு ஏறி மிதிச்சேன். டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"அப்பத்தானுங்க இடது பக்கம் ஒரு பல்லுத் தாண்டியிருக்குது. அந்தப் பக்கம் பஞ்சு புடிச்சு நிக்க, இந்தப் பக்கம் மட்டும் போயிருக்குது. நானும் பாக்காம பூட்டச் சொல்லிப்போட்டேன். மறுபடி கழட்டுங்க."

தட்டை முழுசாகப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். இரண்டு பட்டையின் முதல் பல்லும் சக்கரத்தில் ஒரே இடத்தில் விழும்படி தண்டை வைக்கச் சொன்னார். "ஒரு ஸ்குரூவையே முழுசா முறுக்காதீங்க. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்."

அவள் ஸ்குரூ டிரைவரை இடம் மாற்றிப் பிடித்தபோதுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். பினாயில் தின்று தோல் உரிந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது.

"கைக்கு என்னாச்சுங்க?"

"பக்கெட்டு பிழியலன்னா கைதானே பிழியணும், அண்ணாச்சி."

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஸ்பிரிங்கை மாட்டுவதில்தான் மும்முரமாக இருந்தாள். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். மயில்சாமி மெஷின் ஆயில் டப்பாவை நீட்டினார்.

"எண்ணெய் வேண்டாம். சொட்டுச்சுன்னா இன்னொருக்கா விழுவீக."

"அதுவுஞ் சரி" என்று துளி கிரீஸ் எடுத்துக் கொடுத்தார்.

முதலில் வெறுமனே இறக்கினாள். கைப்பிடி முழுதாக இறங்கி, விட்டதும் தானே ஏறியது. பிறகு ஈர மாப்பை வைத்து அழுத்தினாள். கறுப்புத் தண்ணீர் சளசளவென்று பக்கெட்டில் கொட்டியது. சின்னத்தாய் வாயைத் திறந்து சிரித்தாள். இன்னொரு தடவை, தேவையே இல்லாமல், அழுத்திப் பார்த்தாள்.

மயில்சாமி எழுந்து நேராக ஆபீசுக்குப் போனார்.

"மேடம், அந்தம்மாவை நிறுத்த வேண்டாமுங்க."

"நீங்கதானே விழுந்தீங்க?"

"விழுந்தது நான்தானுங்க. பக்கெட்டைப் பாக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினதும் நான்தானுங்க."

சித்ராதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மயில்சாமி தப்பை ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை. அடி தலையிலும் பட்டிருக்குமோ என்று சந்தேகப்பட்டார். ஆனால் வாசலில் பையரின் கார் வந்துவிட்டது. "சரி, இருக்கட்டும். இனிமேல் அந்தப் பக்கெட்டு உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஃபேன் காற்றில் தரை அதற்குள் காய்ந்திருந்தது. வந்தவர்கள் தரையைப் பார்க்கவில்லை. ஏசி எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

சாயங்காலம் மயில்சாமி மருந்துக்கடையில் கைக்குப் போடுகிற களிம்பு ஒன்று வாங்கிவந்து சின்னத்தாயிடம் நீட்டினார்.

"சனிக்கிழமையானா பக்கெட்டைக் கொண்டாங்க. பஞ்சு சேர்றதுக்கு முன்னால எடுத்துப்போடலாம்."

"கரண்ட் ஓடாதே, அண்ணாச்சி?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்களே" என்றார் மயில்சாமி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் களிம்பை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.