ஒரு தடவை கழுவிய பல்பு

சில்வெஸ்டருக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. அதுதான் அவனுக்கே குமட்டலாக இருந்தது. மூக்கில் ஃபார்மலின், தொண்டையில் நைட்ரிக் ஆசிடின் காரம், எதிரே எனாமல் தொட்டியில் ஒரு பொம்பளையின் இடது கால். இதை வைத்துக்கொண்டு டிபன் டப்பாவிலிருக்கும் கருவாட்டுக் குழம்பை நினைக்கிற வயிறு என்ன வயிறு?

கால் சின்னத்தாயியுடையது. தண்டு என்கிற கண்டோன்மெண்ட் ஏரியாவில் கட்டடம் எழும்புகிற இடங்களில் சட்டி சுமப்பவள். நாற்பது வயது. முழங்காலுக்குக் கீழே ஆறு மாதமாக வலி. போன மாதம் சாரத்திலிருந்து இறங்கும்போது விழக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே எலும்பு முறிந்தது. எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை. தாடையில் இன்னொன்று, சின்னது. ஓட்டைக்குள்ளிருந்து துளி சதை எடுத்து ஆஸ்பத்திரி ஆய்வறைக்கு அனுப்பினார்கள். சில்வெஸ்டர்தான் ஸ்லைடு போட்டான். ஒரே செல்லுக்குள் இருபது முப்பது கருக்களோடு, பெரிய பெரிய ராட்சச செல்கள் மந்தையாகக் கிடந்தன.

சர்ஜன் ஞானசேகரன் அன்றே சொல்லிவிட்டார். "கட்டி. காலை எடுத்துடலாம்."

ஸ்லைடு பார்க்கும் டாக்டர் ஜானகி மட்டும் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், ஒரு ஓட்டைன்னா கட்டி. ரெண்டு ஓட்டைன்னா எனக்குச் சந்தேகம். கழுத்துல இருக்கிற சின்ன சுரப்பி கெட்டாலும் எலும்பு இப்படித்தான் ஆகும். ஸ்லைடுல ரெண்டும் ஒரே மூஞ்சி. ரத்தத்துல கால்சியம் ஏறியிருந்தா சுரப்பி, ஏறலேன்னா கட்டி. பாஸ்பேட் பாக்கிற மருந்து தீர்ந்து ரெண்டு மாசமாச்சு. கால்சியமாவது பாத்துட்டு வெட்டுங்க."

சர்ஜன் மூன்று நாள் பொறுத்தார். கால்சியம் 10.1 என்று வந்தது. சுத்தமான நார்மல். சின்னத்தாயி கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள். கால் போயிற்று.

அந்தக் கால்தான் தொட்டியில். ஓட்டை உள்ள இடத்திலிருந்து ஒரு துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க நோயே இல்லாத கணுக்கால் பக்கத்திலிருந்து ஒரு துண்டு என்று ஜானகி கேட்டிருந்தார். எலும்பை அப்படியே சீவ முடியாது, கத்திதான் போகும். ஆசிடில் போட்டு அதிலுள்ள சுண்ணாம்பான கால்சியத்தை எல்லாம் கரைக்க வேண்டும். கரைந்து முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஊறிய ஆசிடைக் கொஞ்சம் எடுத்து, அம்மோனியா விட்டு, ஆக்ஸலேட் சொட்ட வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் எலும்பிலிருந்து இன்னும் சுண்ணாம்பு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக்ஸலேட் கால்சியத்தைக் கண்ட இடத்தில் பிடித்து உட்கார வைத்துவிடும். பதினோரு வருடமாக நாள் தவறாமல் இதைச் செய்கிறவன் சில்வெஸ்டர்.

ஆறாம் நாள் கலங்கவில்லை. சீவினான், சாயம் ஏற்றினான், மைக்ராஸ்கோப்பில் வைத்தான். டாக்டரம்மா வருமுன் தானே ஒரு பார்வை பார்ப்பது அவன் பழக்கம்.

கணுக்கால் துண்டைப் பார்த்துவிட்டு, லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தான்.

எலும்பு என்பது கல் அல்ல. அது சில்வெஸ்டருக்கு இந்த அறையில்தான் தெரிந்தது. அவன் அப்பன் கல்குவாரியில் வெடி வைத்தவர், அம்மா ஜல்லி உடைத்தவள். அதனால் அவன் அதைக் கட்டட வேலையாகத்தான் புரிந்துகொண்டான். எலும்புக்குள் இரண்டு கும்பல் ஓயாமல் வேலை செய்கிறது. ஒன்று இடிக்கிற கும்பல், ஆஸ்டியோகிளாஸ்ட். பழைய எலும்பில் ஒட்டிக்கொண்டு ஆசிட் கக்கி, குழி தோண்டித் தின்னும். பின்னாலேயே வரிசை கட்டி வரும் கொத்தனார் கும்பல், ஆஸ்டியோபிளாஸ்ட். குழியில் முதலில் மெத்தென்ற சாந்தைப் பூசும், பிறகு சுண்ணாம்பு ஏறி அது இறுகும். இடித்த அளவுக்குக் கட்டினால் ஆள் நன்றாக இருக்கிறான். பாரம் ஏறுகிற பக்கம் அதிகம் கட்டும், பாரம் இல்லாத பக்கம் இடித்ததை அப்படியே விட்டுவிடும்.

பத்து வயதிலிருந்து சுமந்தவளின் எலும்பு எப்படி இருக்கும்? பாரம் இறங்கும் திசையிலேயே தூண் தூணாக நிற்கும். சின்னத்தாயியின் கணுக்காலில் அந்தத் தூண்கள் நின்றன. ஆனால் ஒவ்வொரு தூணின் நடுவையும் கரையான் மாதிரி குடைந்து, சுரங்கம் போட்டு, அதற்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன இடிக்கிற செல்கள். பக்கத்திலேயே கொத்தனார் செல்கள் வெறி பிடித்த மாதிரி பூசிக்கொண்டிருந்தன. ஈடு கொடுக்க முடியவில்லை. காலியான இடமெல்லாம் நார் அடைத்துக் கிடந்தது.

கட்டிக்குக் கணுக்காலில் என்ன வேலை? கட்டியென்றால் இருக்கிற இடத்தைத்தான் தின்னும். உடம்பு பூராவும் இப்படி இடிக்கச் சொல்லி மேலேயிருந்து ஒருத்தன் விசில் ஊதிக்கொண்டிருந்தால்தான் இது நடக்கும்.

ஜானகி வந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"சுரப்பி, சில்வெஸ்டர். கழுத்துச் சுரப்பிதான். ரத்தத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லு. நீயே போய் எடுத்துட்டு வா."

ரத்தம் பிடிக்கும் புது பல்பில் எடுத்து வந்தான். கெமிஸ்ட்ரி பார்க்கும் பிரிஜெட் இரண்டு தடவை செய்தாள். பர்மாங்கனேட் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது, ரோஸ் நிறம் நிற்கவே இல்லை; கால்சியம் அதிகமென்றால் அப்படித்தான்.

"பதினாலு புள்ளி அஞ்சு," என்றாள் பிரிஜெட். "அன்னிக்கி பத்துதான் வந்துச்சு. ஏசு சாமி சத்தியமா நான் ஒழுங்காத்தான் செஞ்சேன். ஏன்யா என்னை அப்படிப் பாக்குறே?"

சில்வெஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்த பல்புகளைப் பார்த்தான்.

ரத்தம் எடுப்பதற்கென்று ஆஸ்பத்திரி காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை. காலியான பெனிசிலின் பாட்டில்களைத்தான் பல்பு என்பார்கள். சர்க்கரை பார்க்கும் பல்பில் ரத்தம் உறையாமல் இருக்க ஆக்ஸலேட்டை விட்டுக் காய வைப்பான் சில்வெஸ்டர். கால்சியத்துக்கு எதுவும் போடாத பல்பு. போடாத பல்பு தீர்ந்துவிட்டால், ஆக்ஸலேட் பல்பையே மூன்று தண்ணீர் விட்டு அலசி, லேபிளைக் கிழித்து, போடாத வரிசையில் வைப்பான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவனே கண்டுபிடித்த சிக்கனம்.

சின்னத்தாயிக்கு ரத்தம் எடுத்த காலை, ஏப்ரல் மாதம், குழாய் எட்டு மணிக்கே நின்றுவிட்டது. மூன்று அலசலை ஒன்றாக்கினான். "சும்மா இன்னும் ரெண்டு தடவை எதுக்கு?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது.

அன்று அலசிய தட்டில் மிச்சம் நாலு பல்பு கிடந்தன. ஒன்றில் சுத்தத் தண்ணீர் விட்டுக் குலுக்கினான். அதில் கால்சியம் குளோரைடு இரண்டு சொட்டு விட்டான்.

வெள்ளையாகக் கலங்கியது.

பத்தில் ஒரு பங்கு ஆக்ஸலேட் ஒட்டியிருந்திருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கப் போதாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏறியிருந்த கால்சியம் நாலரையைப் பிடித்து அடியில் உட்கார வைக்க மட்டும் போதும். நாள் தவறாமல் அந்தக் கலங்கலைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன்.

பல்பைக் கையோடு எடுத்துப் போய் ஜானகியிடம் சொன்னான், இருவரும் சர்ஜனிடம் போனார்கள். 

ஞானசேகரன் கோபப்படவில்லை. அதுதான் சில்வெஸ்டருக்குக் கூடுதல் அருவருப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பேசினார், விரல் விரலாக.

"கழுத்தைத் திறந்து சுரப்பியை எடுத்துடறேன். அவ பொழச்சுடுவா. எப்படியும் ஒடஞ்ச கால்தானே. பல்பு கதையெல்லாம் கேஸ் ஷீட்ல வேணாம்."

"ஒடஞ்ச கால் சேர்ந்திருக்கும் சார்," என்றார் ஜானகி. "சுரப்பிய எடுத்தா ஓட்டை தானா அடைஞ்சிருக்கும்."

"அடைஞ்சிருக்கலாம்." அவர் துண்டை எடுத்தார். "நல்லா கட் பண்ணேன், காயம் சுத்தமா இருக்கு. அதைப் பாருங்க."

ஜானகி சில்வெஸ்டரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அவகிட்ட இப்போ எதுவும் சொல்லாதே," என்றார் வெளியே வந்ததும். அந்தக் குரலில் வெட்கம் இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உப்புப் போட்டு நக்குவதா?

கழுத்திலிருந்து எடுத்தது பலாக்கொட்டை அளவுகூட இல்லை. பழுப்பு நிறத்தில் வழவழவென்று சில்வெஸ்டரின் உள்ளங்கையில் கிடந்தது. இத்தனூண்டு சதை ஒரு பொம்பளையின் எலும்பு பூராவையும் தின்ன வைத்திருக்கிறது. மறுநாளே சின்னத்தாயியின் விரல்கள் இழுத்துக்கொண்டன, உதடு மரத்தது. விசில் நின்றதும் இடிக்கிற கும்பல் ஓய்ந்துவிட்டது. கொத்தனார் கும்பல் பசியோடு ரத்தத்திலிருந்த சுண்ணாம்பை எல்லாம் வாரி வாரிப் பூச ஆரம்பித்தது. ஊசியில் கால்சியம் ஏற்றினார்கள். பிழைத்தாள்.

நாலு மாதம் கழித்துத் தாடை எக்ஸ்ரே வந்தது. ஓட்டை பாதிக்கு மேல் அடைந்து, வெள்ளை கட்டியிருந்தது. அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது சில்வெஸ்டருக்குத் தாடை தெரியவில்லை. கால்தான் தெரிந்தது.

அன்றைக்கே வார்டுக்குப் போனான். படம் பிடிப்பதற்காக அவளை இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். சின்னத்தாயி கக்கத்தில் கட்டையை ஊன்றி, ஒற்றைக் காலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தாள். வேர்வை நாற்றமும் டெட்டால் நாற்றமும்.

"வாப்பா, ரத்தம் எடுத்த பாட்டில்காரரே. படுத்தே கெடந்தா மிச்ச எலும்பும் கரைஞ்சி போவும்னு அந்த டாக்டரம்மா சொல்லுச்சு. பாரம் வச்சாத்தான் எலும்பு ஊறுமாம். அப்ப நான் சட்டி சொமந்ததெல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லு!" சிரித்தாள். தொடையின் மிச்சத்தைத் தட்டினாள். "இது மட்டும் சூம்பிக்கினே போவுது."

"அதுமேல பாரம் எறங்கல இல்ல. அதான்."

"சரி, ஒண்ணு கேக்கணும். என் காலை எங்க பொதைச்சீங்க? எங்காளு வந்து கேட்டப்ப ஆபீஸ்ல வெரட்டிட்டாங்களாம். செத்தா முழுசாப் போவணும்னு ஒரு ஆசைப்பா."

பொய் சொல்லியிருக்கலாம். கல்பள்ளி இடுகாட்டைச் சொன்னால் நம்பியிருப்பாள். கால் எங்கும் புதைக்கப்படவில்லை. பாதி ஆசிடில் கரைந்து சாக்கடையில் போயிற்று, மிச்சம் அவன் அலமாரியில் ஜாடியில் இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பல்பு, ஆக்ஸலேட், குழாய் நின்றது, ஒரு தடவை அலசியது, கால் இருந்திருந்தால் தாடை அடைந்த மாதிரி அதுவும் அடைந்திருக்கும் என்பது, ஜாடி. டாக்டர் சொல்ல வேண்டாமென்றதையும் சொன்னான்.

சின்னத்தாயி நடப்பதை நிறுத்தியிருந்தாள்.  பக்கத்துக் கட்டிலில் யாரோ காறித் துப்பினார்கள்.

"அப்ப கெட்டுப்போன கால் இல்ல அது."

"இல்லம்மா."

"தண்ணி வர்லேன்னு."

"ஆமா."

"சாரத்துல கயிறு ஒரு சுத்து கொறைச்சுக் கட்டினவனை எங்க மேஸ்திரி என்னா பண்ணுவாரு தெரியுமா? கீழ எறக்கி, எல்லார் எதிர்லயும் செருப்பால அடிப்பாரு." அவள் கட்டிலில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள். அழவில்லை. "நான் அடிக்க மாட்டேன். கையி ரெண்டும் கட்டையப் புடிச்சிருக்கு."

"என்ன வேணும்னு சொல்லும்மா. நான்..."

"என்னா குடுப்பே? அரிசியா? அதெல்லாம் வேணாம். மன்னிச்சேன்னும் சொல்ல மாட்டேன்." அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள், கூலி குறைத்தவனைப் பார்க்கிற பார்வை. "நீ எனக்கு ஒரு காலு பாக்கி. அவ்ளோதான். போ."

அவன் ஆய்வறைக்குத் திரும்பினான். அலமாரியிலிருந்த ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தான். நாளைக் காலை அவள் வீட்டாரிடம் கொடுத்துப் புதைக்கச் சொல்லலாம். கொடுத்தாலும் அது துண்டுதான். குழாயைத் திறந்தான். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பல்புகளை எடுத்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை, நாலு தடவை, ஐந்து தடவை அலசினான்.

சில்வெஸ்டர் சின்னத்தாயிக்கு இடது கால் ஒன்று பாக்கி.