எட்டின் நாற்பதாம் வலு

நிலக்சனாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2003இல் ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்தில், எழுதுவினைஞர் பரீட்சைக்கு நாங்கள் சிலர் கூடிப் படித்தோம். எல்லார் கண்ணும் அவள்மேல்தான். வெற்றிடம் ஒன்றே ஒன்று. எங்கள் தீவிலேயே, கந்தோர்க் கதிரையில் இருந்து செய்யும் வேலை. அது எனக்கு வேண்டும்.

ஏழின் எண்பத்திரண்டாம் வலு, அதாவது ஏழை எண்பத்திரண்டு தரம் எழுதிப் பெருக்கினால் வருவது, எந்த இலக்கத்தில் முடியும் என்று கேட்டால், நான் ஏழு, ஒன்பது, மூன்று, ஒன்று என்று கடைசி இலக்கங்களை எழுதி, நாலுக்கொருதரம் அவை திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பேனையைத் தொடவே மாட்டாள்.

"எண்பத்திரண்டை நாலால பிரி. மீதி ரெண்டு. ஏழேழு நாப்பத்தொன்பது. விடை ஒன்பது. மீதி பூச்சியமெண்டால் யோசிக்கவே வேண்டாம், விடை ஒண்டு."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பரீட்சையன்று, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்து எங்களை இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நிலக்சனா என் பக்கம் திரும்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மாக்கிறேற், ரெண்டின்ர நூறாம் வலு? மீதி பூச்சியம். ஒண்டு!"

நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது.

"விசரி! ரெண்டை ரெண்டால பெருக்கிக்கொண்டே போனா ஒற்றை எண் வருமோ? ரெண்டு, நாலு, எட்டு, ஆறு. பிறகும் ரெண்டு. மீதி பூச்சியமெண்டால் அந்த நாலில கடைசி, ஆறு. உன்ர ஒண்டு மூண்டுக்கும் ஏழுக்கும் ஒன்பதுக்கும் சரிவரும். இதுக்கு வராது."

வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. பண்ணைப் பாலம் தாண்டும்வரை எனக்கு மனம் குளிர்ந்திருந்தது.

வினாத்தாளில் எட்டின் நாற்பதாம் வலு வந்தது. அதைப் பத்தால் வகுத்தால் மீதி என்ன? கடைசி இலக்கம்தான் அந்த மீதி. எட்டு, நாலு, இரண்டு, ஆறு. நாற்பதை நாலால் வகுக்க மீதியில்லை. ஆறுக்குக் கீழே கோடிட்டேன். தெரிவுகளில் முதலாவதாக ஒன்று என்ற விடை நின்றது, அவளுக்கென்றே வைத்ததுபோல. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விழவேண்டிய குழியை நானே மூடிவிட்டிருந்தேன்.

ஒரு கேள்விக்கு இரண்டு புள்ளி. பெறுபேறு வந்தபோது, கட்டுரையையும் சேர்த்து, அவளுக்கு என்னைவிட ஒரு புள்ளி அதிகம். வேலை அவளுக்கு.

ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இவள் சொல்லித் தராட்டி நான் ஒண்டெண்டுதான் போட்டிருப்பன்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பாக இருந்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அல்போன்சம்மா என் கன்னத்தைத் தடவினார்.

"போட்டிக்கு நிண்டவளுக்கே சொல்லிக் குடுத்திருக்கிறாய். ஆருக்கடி பிள்ளை இந்த மனசு வரும்?"

"ஓம் மாமி," என்று சிரித்தேன்.